கூப்பனுக்காக ஒரு சாமான் கூடச் சேர்த்தால் பில் குறையுமா?

பாம்பன் வாசகி: என் கூடையில் 870 ரூபாய்க்குச் சாமான் இருக்கிறது. 999 ரூபாய் ஆனால் 150 கழிக்கிறார்களாம். இன்னொன்று சேர்க்கலாமா ஐயா?

சேர்க்கலாம் அம்மா, ஆனால் எதைச் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களுக்குத் துண்டு விழுவது 129 ரூபாய், கிடைக்கப்போகும் தள்ளுபடி 150 ரூபாய். சேர்க்கும் பொருளின் விலை 129க்குக் குறையாமலும் 150ஐ எட்டாமலும் இருந்தால் மட்டுமே பில் இறங்கும். 132 ரூபாய்க்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டு ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 1,002 ஆகி, 150 போக 852 கட்டுவீர்கள். 18 ரூபாய் மிச்சம், சோப்பும் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக 165 ரூபாய் நெய்யைச் சேர்த்தால் 885 ஆகிவிடும். நெய் தேவைப்பட்டிருந்தால் அது 15 ரூபாய்க்குக் கிடைத்த நெய், அதில் தவறில்லை; ஆனால் பில் குறைந்தது என்று சொல்ல முடியாது.

இராமநாதபுரத்தில் மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நான் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். 999இல் 150 போனால் 849. கூடை 849ஐத் தாண்டி 999க்குள் இருந்தால் முயன்று பாருங்கள். 849க்குக் கீழே இருந்தால் எதைச் சேர்த்தாலும் பில் ஏறத்தான் செய்யும். பணம் கட்டும் முன் கடைசி வரியில் உள்ள தொகையை, பொருளைச் சேர்த்து ஒரு முறையும் எடுத்துவிட்டு ஒரு முறையும் பாருங்கள்.

உச்சிப்புளி: எனக்கு 800 ரூபாய்தான் ஆகிறது, அதே கூப்பன். சேர்க்கலாமா?

மேலே சொன்ன 849ஐப் பாருங்கள். வேண்டாம்.

மண்டபம்: 700 ரூபாய்க்கு மேல் 10 சதவீதம் என்றால் எப்படி?

700இல் பத்து சதவீதம் போனால் 630. இங்கே அதுதான் எல்லை. 650 ரூபாய்க் கூடையில் 55 ரூபாய்ப் பொருளைச் சேர்த்தால் 705 ஆகி, கட்டுவது 634 ரூபாய் 50 காசு. 620 ரூபாய்க் கூடைக்கு அது பலிக்காது.

கீழக்கரை: ஐயா சொல்வது தவறு. தேவையில்லாத பொருளை வாங்கினால் அது எப்போதும் நட்டம்தான்.

பாதி சரி. பில் ஏறும்போது உங்கள் வாதம் முழுக்கப் பொருந்தும். கூடக் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பொருள் பெறுமா என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் 870க்குப் பதில் 852 கட்டும்போது, சோப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாலும் 18 ரூபாய் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கீழக்கரை, மீண்டும்: அந்த 870 ரூபாய்ச் சாமானே கூப்பனைப் பார்த்து ஏற்றியதாக இருந்தால்?

அப்படியென்றால் ஒப்பிட வேண்டியது 870 அல்ல, கூப்பன் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய தொகை. இது நான் விட்டுவிட்ட இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொகை ஒவ்வொருவர் மனத்திலும்தான் இருக்கிறது, பில்லில் இல்லை.

ஏர்வாடி: கூப்பனில் மண்ணெண்ணெய் இந்த மாதம் தருகிறார்களா?

அது ரேஷன் சம்பந்தப்பட்டது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள்.

தொண்டி: 1,010 ரூபாய் காட்டியும் கூப்பன் விழவில்லை. ஏன்?

டெலிவரி கட்டணத்தையும் சேர்த்து 1,010 ஆகியிருக்கலாம். குறைந்தபட்சத் தொகைக்குப் பெரும்பாலும் சாமான் விலையை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய், அரிசி போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காத கூப்பன்களும் உண்டு. அப்படி ஒரு கூப்பனுக்காக நானே எண்ணெய்ப் பாக்கெட்டைச் சேர்த்து, கழிவு விழாமல், கடைசி வரியைப் பார்க்காமல் முழுத் தொகையையும் கட்டியிருக்கிறேன். "கேஷ்பேக்" என்று போட்டிருந்தால் பில்லே குறையாது, பணம் பிறகுதான் வரும். மாறாக, 999ஐத் தாண்டினால் 40 ரூபாய் டெலிவரி கட்டணமும் நீங்கும் என்றால், 150க்குப் பதில் 190 என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

பரமக்குடி: 840 ரூபாய்க்குச் சேர்க்கலாமா?

டெலிவரி கட்டணம் நீங்காவிட்டால் கூடாது. 849, அன்பர்களே, 849. எண்ணை மட்டும் மாற்றி இனி அனுப்ப வேண்டாம்.

பாம்பன் வாசகி: சோப்பை வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால்?

கூப்பனை ரத்து செய்து மறுபடி கணக்கிடும் இடத்தில், மீதிச் சாமான் 870, நீங்கள் கட்டியது 852. திருப்பித் தர அவர்களிடம் ஒன்றும் இருக்காது. தள்ளுபடியைப் பொருள்களுக்குப் பங்கிடும் இடத்தில் சோப்பின் பங்கான ஏறத்தாழ 20 ரூபாய் போக, 112 ரூபாய் வரை வரலாம். ஆனால் திருப்புவதற்கென்றே வாங்குவதை நான் சொல்லித்தர மாட்டேன். சோப்பு அவர்களிடமே இருப்பு இல்லாமல் போனால் கூப்பன் நிற்குமா என்பது கடைக்குக் கடை மாறுகிறது; ஆர்டர் போடும் முன் அந்தக் கூப்பனின் நிபந்தனைகளைத் திறந்து படித்துவிடுங்கள் அம்மா.