இலைப்பேன்: ஒரு தடவை அடித்தால் ஏன் போவதில்லை?

கேள்வி: தொட்டி மிளகாயில் கொழுந்து இலைகள் மேல்பக்கமாகச் சுருளுகின்றன, இலையடியில் வெள்ளி வெள்ளியாகக் கோடுகள். வேப்பெண்ணெய் அடித்ததும் குறைந்தது, மறுவாரமே திரும்பிவிட்டது. பக்கத்து ரோஜாவிலும் மொட்டு சரியாக விரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது பெரும்பாலும் இலைப்பேன். உறுதி செய்ய, ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் கொழுந்தை நாலு தட்டு தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் நூல் துணுக்கு மாதிரி ஏதாவது விழுந்து நகர்ந்தால் அதுதான். கோடுகளின் மேல் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் அதன் எச்சம். இலை மேலே சுருளாமல் கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம்; அதற்கு வைத்தியம் வேறு.

பூச்சி இலையின் தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சிவிடுகிறது. காலியான செல்களில் காற்று புகுவதால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு. அந்த இலை இனிப் பச்சையாகாது. எனவே பழைய இலையை வைத்துப் பலனை அளக்காதீர்கள், புதிதாக வரும் கொழுந்தைப் பாருங்கள்.

உங்கள் வேப்பெண்ணெய் தோற்கவில்லை, பாதி வேலையைத்தான் செய்தது. இலைமேல் இருந்த பூச்சி குறைந்தது. ஆனால் முட்டைகள் இலைத் திசுவுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். கூட்டுப்புழுக்கள் பெரும்பாலும் தொட்டியின் மேல்மண்ணிலும் உதிர்ந்த சருகிலும் கிடக்கும். தெளிப்பு இரண்டையும் தொடாது. அவை வெளிவரும்போது அடுத்த தெளிப்பு காத்திருக்க வேண்டும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று, நான்கு தடவை அடிப்பது அதற்காகத்தான்.

முதலில் மிக மோசமான நுனிகளைக் கிள்ளி, பைக்குள் போட்டுக் கட்டி எறியுங்கள். செடியைச் சாய்த்து இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். இதிலேயே நிறையப் பூச்சி போய்விடும். சருகைப் பொறுக்கிவிட்டு மேல்மண்ணை லேசாகக் கிளறுங்கள். அப்புறம் தெளிப்பு: 5 மில்லி வேப்பெண்ணெயில் சில சொட்டு மென்மையான திரவ சோப்பைக் கலக்கி, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் மாதிரி வெளுத்தால் சரி. எண்ணெய் மேலே மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகும். இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையடியும் கொழுந்தும் நனைய அடியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

நீல ஒட்டுப்பொறி ஒன்றைச் செடியின் உயரத்தில் தொங்கவிடலாம். அது பூச்சியை ஒழிக்காது, கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும். தழைச்சத்து உரத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், இளந்தளிர் என்றால் இதற்குக் கொண்டாட்டம்.

ரோஜா கதை வேறு. மூடிய மொட்டின் இதழ் மடிப்புக்குள் பூச்சி இருப்பதால் எந்தத் தெளிப்பும் அங்கே போய்ச் சேராது. ஓரம் பழுப்பேறிய மொட்டுகளையும் வாடிய பூக்களையும் தயங்காமல் வெட்டி எடுத்துவிட்டு, மிளகாய்க்கு அடிக்கும் அதே நாட்களில் அதன் தளிருக்கும் அடியுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும்.