கபடிப் போட்டிக்கு 15,000 ரூபாய் பேனர்: போட்ட காசு திரும்புமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் பைக் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் இரண்டு நாள் ராத்திரி கபடிப் போட்டி. 15,000 ரூபாய் கொடுத்தால் பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொள்ளலாமாம். இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூட்டக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். எத்தனை புது வண்டி வந்தால் இந்தக் காசு திரும்பும் என்பதுதான் முதல் கணக்கு.

பிரிண்ட், சட்டம், கட்டுக்கூலிக்கு 2,000 சேர்த்தால் செலவு 17,000. ஒரு சர்வீஸ் பில் சராசரி 850 ரூபாய், அதில் ஆயில், பார்ட்ஸ், கூலி போக 340 நிற்கிறது என்று வைப்போம். 17,000ஐ 340ஆல் வகுத்தால் 50 சர்வீஸ். (பில் தொகையால் வகுத்து 20 வண்டி போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.) புதிதாக வருபவர் வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு முறை வருவார் என்றால் 25 புது ஆட்கள் தேவை. 850, 340 இரண்டையும் உங்கள் பில் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். வெளியூர் அணிகளோடு வருபவர்கள் சர்வீஸுக்கென்று உங்கள் கடைவரை வர மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேருக்கு ஏற்கெனவே உங்களைத் தெரியும். மிச்சம் இருப்பவர்களில் 25 பேர் கிடைப்பார்களா என்பதுதான் கேள்வி. வெறும் பேனரை நம்பி என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

காரணம், பேனர் கட்டும் இடம். போன வருஷ வீடியோ யாரிடமாவது இருக்கும், வாங்கிப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் ஆடுகளத்தின் மேல்தான் விழும்; விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸ் இருட்டில் கிடக்கும். பக்கவாட்டில் கட்டியதை நிற்கிற கூட்டமே மறைத்துவிடும். பரிசு கொடுக்கும் மேடையின் பின்புறம் மட்டும்தான் ஒவ்வொரு போட்டோவிலும் விழும், அதுவும் நாலைந்து பெயர்களுக்குள் இருந்தால்தான். சாலையோரத்தில் கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம். அனுமதி இல்லாத பேனரை அதிகாரிகள் அகற்றிவிடுவார்கள், வழக்கும் வரலாம்.

அதனால் பேரத்தை மாற்றுங்கள். 5,000 ரூபாய்க்கு ஏதாவது ஒரு பரிசு உங்கள் கடை பெயரில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மைக்கில் ஒரு அறிவிப்பு, மேடைப் பேனரில் பெயர் என்று கேளுங்கள். வர்ணனை செய்பவர் கையில் கடை இருக்கும் இடத்தையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேசியதெல்லாம் ரசீதிலேயே இருக்கட்டும்.

கூடவே 'செயின் ஸ்ப்ரே இலவசம்' என்று 45 நாள் கெடுவுடன் கூப்பன் அடித்து, பைக் நிறுத்தும் இடத்தில் கொடுங்கள். கூப்பனோடு வருபவர்களில் புது ஆட்களை மட்டும் தனியாகக் குறியுங்கள். "பேனர் பார்த்தேன்" என்று வாயால் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மரியாதைக்கும் சொல்வார்கள்.

கேட்கிற பசங்களே உங்கள் வாடிக்கையாளர்கள், மறுக்க முடியாது என்றால் அது விளம்பரம் இல்லை, நன்கொடை. அதற்கு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி, அதைத் தாண்டாதீர்கள்.

10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதானால் ரொக்கம் வேண்டாம், வங்கி வழியே அனுப்புங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு அதற்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டுகிறவர் என்றால், எப்படிக் கொடுத்தாலும் இந்தச் செலவால் வரி குறையாது.