லீவு கேட்கும் கடிதத்திலேயே போனஸையும் பேசிவிடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 18 திங்கள் முதல் 23 சனி வரை ஆறு நாள் லீவு வேண்டும். சம்பளம் 26,000, அதுபோக வருகை போனஸ் 2,000. ஒரு நாள் வராவிட்டால் அதில் பாதி, இரண்டு நாள் என்றால் ஒன்றும் கிடையாது. ஈட்டிய விடுப்பு 12 நாள் மிச்சம் இருக்கிறது. இன்க்ரிமென்டும் அடிபடுமோ என்று பயம். லீவு லெட்டரில் இதையெல்லாம் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எழுத உட்காரும் முன் சம்பளப் பிரிவில் ஒரு விஷயம் விசாரியுங்கள்: வருகைக் கணக்கை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எடுக்கிறார்கள்? பல நிறுவனங்களில் அது 1 முதல் 30 வரை இருக்காது, சம்பளம் போட நேரம் வேண்டும் என்பதற்காக 21 முதல் அடுத்த மாதம் 20 வரை என்று வைத்திருப்பார்கள். உங்கள் இடத்திலும் அப்படித்தான் என்றால் 18, 19, 20 ஒரு மாதக் கணக்கிலும் 21, 22, 23 அடுத்த மாதக் கணக்கிலும் விழும். இரண்டு மாத போனஸும் காலி, மொத்தம் 4,000. அதே ஆறு நாளை ஒரு வாரம் தள்ளி 25 திங்கள் முதல் 30 சனி வரை எடுத்தால் ஒரே கணக்குக்குள் அடங்கிவிடும், போவது 2,000 மட்டும். அவசர ஆபரேஷன் இல்லையென்றால் தேதியைத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்காக 21 வியாழனிலேயே தொடங்கிவிடாதீர்கள், ஞாயிறு நடுவில் மாட்டும். சில இடங்களில் லீவுக்கு நடுவே வரும் வார விடுமுறையையும் லீவாகவே எண்ணி ஏழு நாளாக்கிவிடுவார்கள்.

சரி, அந்த 2,000 போகாமல் தடுக்க முடியுமா? அது உங்கள் போனஸ் விதியைப் பொறுத்தது. "அனுமதி இல்லாமல் வராத நாள்" என்று விதி சொன்னால், ஒப்புதல் வாங்கிய லீவுக்குப் பிடிக்கக் கூடாது. "வேலைக்கு வந்த நாள்" என்று மட்டும் எண்ணினால் எவ்வளவு அழகாக லெட்டர் எழுதினாலும் பிடிப்பார்கள். அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது, இந்த ஆறு நாளும் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகிவிடுமோ என்பதைப் பற்றித்தான். லீவு வகையை எழுதாமல் "சொந்த வேலை காரணமாக" என்று மொட்டையாக எழுதிக்கொடுத்தால் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். 26 நாள் கணக்கில் ஒரு நாளைக்கு 1,000 வீதம் 6,000 உடனே போகும். அதைவிடப் பெரிய சேதம் இன்க்ரிமென்டில். சில இடங்களில் சம்பளமில்லா நாட்கள் ஒரு அளவைத் தாண்டினால் இன்க்ரிமென்ட் தேதியைத் தள்ளிவைப்பார்கள், இது பெரும்பாலும் ஒருமுறை நஷ்டத்தோடு முடியும். விகிதத்தையே குறைத்தால் கதை வேறு. 6 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 5 வந்தால் உங்களுக்கு மாதம் 260, வருடம் 3,120 குறைவு, அடுத்தடுத்த உயர்வுகளும் அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான் போடப்படும். அதனால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் போனஸை விடுங்கள், ஈட்டிய விடுப்பை விடாதீர்கள்.

லெட்டரில் காரணம், தேதி, உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதை எழுதிவிட்டு, கடைசிப் பத்தியாக இப்படிச் சேருங்கள்:

"மேற்கண்ட 6 நாட்களையும் எனது ஈட்டிய விடுப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளுமாறும், சம்பளமில்லா விடுப்பாகப் பதிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வருகை போனஸுக்கும் ஆண்டு ஊதிய உயர்வுக்கும் இந்நாட்கள் அனுமதிக்கப்பட்ட விடுப்பாகக் கருதப்படுமா என்பதை ஒப்புதலுடன் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. "போனஸ் பிடிக்கக் கூடாது" என்று நிபந்தனை மாதிரி எழுதினால்தான் மேலாளருக்குச் சுருக்கென்று படும், அதுவுமில்லாமல் போனஸ் அவர் கையில் இருக்கும் விஷயமும் இல்லை. லெட்டரை மேலாளருக்கு மெயிலில் அனுப்பி, நகலில் மனிதவளப் பிரிவையும் சேருங்கள். வாயால் "போய்ட்டு வாப்பா, பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அதையே "நீங்கள் சொன்னபடி ஈட்டிய விடுப்பில் செல்கிறேன்" என்று ஒரு வரி பதில் மெயிலாகப் போட்டுவையுங்கள்.

அப்புறம், திரும்பி வந்ததும் வருகைப் பதிவைத் திறந்து பாருங்கள். ஆறு நாளுக்கும் ஈட்டிய விடுப்பு என்று இருக்க வேண்டும், மிச்சம் 12லிருந்து 6 ஆகியிருக்க வேண்டும். மிச்சம் குறையாமல் அப்படியே 12 என்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள், சம்பளத்தில் கை வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். 20ஆம் தேதி கணக்கு மூடுவதற்குள் அந்த மெயிலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். சம்பளம் போட்ட பிறகு சொன்னால் பணம் அடுத்த மாதம் வந்துவிடும், ஆனால் இன்க்ரிமென்டுக்கு எடுக்கும் வருடக் கணக்கில் பழைய பதிவு அப்படியே கிடந்துவிடலாம், அதையும் திருத்தினார்களா என்று தனியாகக் கேளுங்கள்.