இசட் டேபிள்: 0.4332-ஆ, 0.9332-ஆ?

அக்கா, மணி வடிவ இயல்நிலைப் பரவல் கணக்கு: சராசரி தினக்கூலி 500, திட்ட விலக்கம் 80. ஆயிரம் பேரில் 620-க்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை? 620 சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்த்து z = 1.5 வரை வந்துவிட்டேன். புத்தகத்து டேபிளில் 0.4332, நண்பன் டவுன்லோட் செய்ததில் 0.9332. எது தப்பு?

இரண்டும் சரிதான் தம்பி. உங்கள் புத்தகம் நடுக்கோட்டிலிருந்து 1.5 வரைக்கும் உள்ள பரப்பை மட்டும் தருகிறது, நண்பனுடையது இடது கோடியிலிருந்தே கூட்டிக்கொண்டு வருகிறது, அதனால்தான் சரியாக 0.5 வித்தியாசம். கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய z = 0.00 என்ற இடத்தைப் பாருங்கள், 0.0000 என்றால் முதல் வகை, 0.5000 என்றால் இரண்டாவது. உங்களுக்கு வேண்டியது வலது பக்க வால். 0.5 − 0.4332 = 0.0668, அதாவது 67 பேர். நிறையப் பேர் 433 என்று எழுதிவிட்டு வருவார்கள், அது 500-க்கும் 620-க்கும் நடுவில் இருப்பவர்கள். படம் வரைந்து நிழல் போட்டாலே இந்தத் தப்பு வராது.

இரண்டு z வந்தால் பரப்புகளைக் கூட்டினால் போதும்தானே? 420–620-க்கு 0.7745, சரியாக வந்தது. 540–620-க்கு மட்டும் உதைக்கிறது.

பாதி சரி. 420-க்கு z = −1, அது சராசரிக்கு இடப்பக்கம், அதனால் 0.3413-ஐயும் 0.4332-ஐயும் கூட்டினீர்கள். 540-க்கு z = 0.5, இரண்டுமே வலப்பக்கம், ஆகவே கழிக்க வேண்டும்: 0.4332 − 0.1915 = 0.2417. இது புத்தக டேபிளுக்கான கதை. இடது கோடி டேபிள் என்றால் எப்போதும் கழித்தல்தான்.

அதே கணக்கில் மேல் 10% பேரின் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். டேபிளில் 0.10-ஐத் தேடி z = 0.25 எடுத்தேன், 520 வந்தது.

520-க்கு மேல் வாங்குபவர்கள் 40 சதவீதம் பேர்! வாலில் 0.10 இருந்தால் நடுவிலிருந்து அதுவரை 0.40. டேபிளின் உள்ளே 0.40-க்கு நெருக்கமானது 0.3997, அதன் z 1.28. 500 + 1.28 × 80 = 602.40.

அப்பாவின் மளிகைக் கடையில் தினசரி விற்பனை சராசரி 12,000, விலக்கம் 9,000. இதற்கும் z போட்டு அடுத்த மாதத்தைச் சொல்லலாமா?

முதலில் பூஜ்யத்துக்குப் போட்டுப் பாருங்கள். z = −1.33, இடது வால் 0.0918. அதாவது நூறில் ஒன்பது நாள் விற்பனை மைனஸில் போகும் என்கிறது டேபிள், அப்படி எந்தக் கடையிலும் நடக்காது. பண்டிகை நாட்களும் சம்பள வாரமும் வலது பக்கத்தை இழுத்துவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நாட்களை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வரைபடம் போட்டு அனுப்புங்கள், மணி மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.