கூகுள் ஷீட்டை வெப்பில் பப்ளிஷ் பண்ணினேன். இப்போ ஷேரிங்கை முழுசா எடுத்துட்டேன், ஆனாலும் லிங்க் திறக்குதே, ஏன்?

நீங்களும் என்னை மாதிரி ஷேர் பட்டனை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். ஷேரிங் வேறு, பப்ளிஷ் வேறு. ஷேரிங்கை Restricted என்று மாற்றினாலும் பப்ளிஷ் ஆன பிரதி அதன்பாட்டுக்கு வெளியே நிற்கும். லிங்கில் `/pubhtml` என்று இருந்தால் அது அந்தப் பிரதிதான்.

எனக்கு இது தெரிந்தது மானம் போன பிறகு. குலசேகரம் பக்கம் சின்ன ரப்பர் தோட்டக்காரர்கள் இருபது பேருக்கு நான்தான் கணக்கு. (ரப்பர் ஷீட்டுக்கு கூகுள் ஷீட்டில் கணக்கு; கேலி பண்ணுகிறவர்கள் பண்ணிக்கொள்ளலாம்.) தினசரி விலையை எல்லோரும் பார்க்கட்டும் என்று பப்ளிஷ் பண்ணினேன். அந்தப் பெட்டியில் முதலில் காட்டுவது Entire Document. அதை மாற்றாமல் பட்டனை அழுத்திவிட்டேன். ‘விலை’ தாளோடு ‘பாக்கி’ தாளும் சேர்ந்து போய்விட்டது. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பது பெயரோடு.

டீக்கடையில் ஒரு அண்ணாச்சி போனை நீட்டி, "மக்கா, என் கடனை ஊருக்கே போட்டுட்டியே" என்றார். வீட்டுக்கு ஓடி ஷேரிங்கை மூடினேன். மறுநாளும் அவர் போனில் திறந்தது. அதுவும் புதுசாக நான் எழுதிய கணக்கோடு! மாற்றம் வந்தால் தானாகவே மறுபடி பப்ளிஷ் ஆகும் டிக் ஆன் ஆகியிருந்தது. சில நிமிடத்தில் புதுக்கணக்கு வெளியே போய்விடும். அந்த டிக்கை எடுத்தாலும் லிங்க் சாகாது, பழைய பிரதி அப்படியே உறைந்து நிற்கும். அவ்வளவுதான்.

நிறுத்தும் இடம் இது: கணினியில் File > Share > Publish to web. கீழே Published content & settings என்பதை விரித்தால் Stop publishing இருக்கும். போன் ஆப்பில் தேடித் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. முழுசா நிறுத்த வேண்டாம், விலை மட்டும் வெளியே இருக்கட்டும் என்றால், அங்கேயே Entire Document-ஐ மாற்றி அந்த ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நான் முதலில் நிறுத்தினேன், பிறகு ‘விலை’யை மட்டும் விட்டேன். இப்போது பாக்கிக்கணக்கு தனி கோப்பில்.

சார்ட் பப்ளிஷ் பண்ணினாலும் இதே கதைதான், அதன் லிங்கில் `pubchart` என்று வரும்.

நின்றதா என்று உங்கள் கணக்கில் லாகின் ஆன பிரவுசரில் பார்க்காதீர்கள். இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். யாராவது ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதற்கு எந்த பட்டனும் இல்லை.

"இது கூடத் தெரியாமலா கணக்கு பார்க்கிறாய்" என்று கமெண்ட் போட வருகிறவர்களே, நான் ரப்பர் வெட்டுகிறவன், ஐடி படிக்கவில்லை. நல்லா புகை போட்டுக் காயவைத்த ஷீட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "புள்ளி இருக்கு, நாலாம் தரம் தேறாது" என்று கிலோவுக்கு விலையைக் குறைக்கிற வியாபாரியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்த அண்ணாச்சி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.