ஆங்கிலத் துண்டறிக்கையைத் தமிழாக்கும்போது படமும் பத்தியும் நகராமல் இருக்க

கேள்வி: மூன்றாக மடிக்கிற ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்று பிடிஎஃப்பாக மட்டும் கையில் இருக்கிறது. படம், பத்தி, நிறம் எதுவும் நகராமல் எழுத்தை மட்டும் தமிழாக்க வேண்டும். எதில் திறந்தாலும் சிதறுகிறது. என்ன செய்வது?

திறக்காதீர்கள். என் பதில் அவ்வளவுதான். பிடிஎஃப்புக்குள் பாராவும் கிடையாது, பத்தியும் கிடையாது. இந்த எழுத்தை இந்த இடத்தில் வை, அந்த எழுத்தை அந்த இடத்தில் வை என்கிற குறிப்புகள்தான் இருக்கின்றன. திறக்கும் மென்பொருள் அதைப் பார்த்து இது ஒரு வரி, இது ஒரு பெட்டி என்று ஊகிக்கிறது. அந்த ஊகத்தின் மேல் தமிழை ஒட்டினால் சிதறாமல் என்ன செய்யும்?

முதலில் அறிக்கையை வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். உங்களிடம் பிடிஎஃப் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். அநேகமாகக் கேட்டிருப்பீர்கள், வடிவமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பதில் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

2022 தீபாவளிக்கு முன்பு, பட்டர்வொர்த் பக்கம் ஒரு சங்கத்துக்காக இனிப்பு நீர் உள்ளவர்கள் காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற அறிக்கையைத் தமிழாக்கினேன். ஏ4 தாள், இரண்டு மடிப்பு, ஆறு பலகை. மூலக் கோப்பு இல்லை. அப்போது கற்றுக்கொண்ட வழியைத்தான் இன்றும் செய்கிறேன்: பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, மிஞ்சியதை அப்படியே பின்னணியாக வைத்து, அதன் மேல் தமிழைப் புதிதாக அடுக்குவது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இதை ஒரே கட்டளையில் செய்யும்.

```
gs -o notext.pdf -sDEVICE=pdfwrite -dFILTERTEXT leaflet.pdf
```

விண்டோஸில் `gs` என்பதற்குப் பதில் `gswin64c` என்று அடிக்க வேண்டும். கோப்பைச் சிறிதாக்கலாம் என்று யாராவது சொல்வதைக் கேட்டு `-dPDFSETTINGS=/screen` சேர்த்துவிடாதீர்கள். படங்கள் 72 டிபிஐக்கு இறங்கிவிடும். திரையில் பளிச்சென்று தெரியும், அச்சில் மங்கலாக வரும்.

வந்த கோப்பைத் திறந்து பாருங்கள். படம், நிறப் பட்டை, கோடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. இதில் இரண்டு சிக்கல் வரலாம். எழுத்து எதுவும் போகாமல் அப்படியே நின்றால், அது எழுத்தே இல்லை. கோட்டுருவமாக, அதாவது எழுத்தின் வடிவத்தில் வரைந்த வெறும் கோடாக, மாற்றப்பட்டதாகவோ படத்துக்குள்ளேயே இருப்பதாகவோ இருக்கும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் அந்த நிறத்தில் ஒரு கட்டத்தை மேலே போட்டு மூடிவிடலாம். புகைப்படத்தின் மேல் இருந்தால் படத்தையே திருத்த வேண்டும், வேறு வழியில்லை. இன்னொன்று இதற்கு நேர்மாறு: சங்கத்தின் சின்னத்திலிருந்த பெயரும் சேர்ந்து போய்விடும். எனக்குப் போனது. பழைய பிடிஎஃப்பை இன்னொரு முறை வைத்து, சின்னம் இருக்கிற மூலை மட்டும் தெரிகிற மாதிரி சட்டத்தைச் சுருக்கிவிட்டேன், சரியாகிவிட்டது.

அப்புறம் இன்டிசைனில் மூன்று அடுக்கு. அடியில் எழுத்தில்லாத கோப்பு. அதன் மேல் மங்கலாக ஆங்கிலக் கோப்பு, அச்சாகாத அடுக்காக. எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்ச் சட்டங்கள். ஆங்கிலப் பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதே இடத்தில் சட்டத்தை வரைந்துவிட்டு அந்த நடு அடுக்கை மறைத்துவிடலாம். பலகைகளைச் சமமாக 99 மில்லிமீட்டர் என்று பிரிக்காதீர்கள். உள்ளே மடிகிற பலகையைக் கொஞ்சம் குறைவாக விடுவார்கள். என் அறிக்கையில் 100, 100, 97. ஆங்கிலக் கோப்பின் மேலேயே வரைந்தால் இந்தக் கணக்கு தானாக வந்துவிடும். இன்டிசைன் வாங்க வசதியில்லை என்றால் ஸ்கிரைபஸ் 1.6 போதும். பழைய 1.4இல் தமிழ் சரியாக வராது.

இப்போது முக்கியமான இடம். ஒரு வார்த்தை மொழிபெயர்ப்பதற்கு முன்பே இந்த வரியைச் சட்டத்தில் ஒட்டிப் பாருங்கள்: கொ கோ கௌ கை ஸ்ரீ. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றால், அல்லது புள்ளிபோட்ட வட்டம் ஒன்று தலைகாட்டினால், மென்பொருள் தமிழைக் கோக்கவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து அரை நாளை வீணாக்க வேண்டாம். இன்டிசைனில் பாரா பாணியின் Justification பகுதியில் Composer என்ற இடத்தில் Adobe World-Ready Paragraph Composer என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துரு நான் வைத்தது Noto Sans Tamil. மேக் வைத்திருப்பவர்களுக்கு Tamil Sangam MN இருக்கிறது. அந்த MN நம் மலேசியாவின் முத்து நெடுமாறன்தான்.

இடம்தான் அடுத்த தலைவலி. உள் பலகை ஒன்றில் ஆங்கிலம் 34 வரி, வரிக்கு 11 புள்ளி இடைவெளி. மொத்தம் 374 புள்ளி உயரம். தமிழுக்கு அந்த இடைவெளி பற்றாது. மேல் வரியின் ழூவும் கீழ் வரியின் கீயும் முட்டிக்கொள்ளும். 12.5 வைத்தேன். அப்படியானால் அதே உயரத்தில் 29 வரிதான் பிடிக்கும். என் முதல் மொழிபெயர்ப்பு 41 வரி வந்தது!

எழுத்தைச் சிறிதாக்கினால் போயிற்று என்பார்கள். இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் படிக்கிற தாளில் 7 புள்ளியில் அடிப்பதும் அடிக்காமல் விடுவதும் ஒன்றுதான். ஆகவே வாக்கியத்தில்தான் கை வைத்தேன். 'நீங்கள் நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் கூட உங்கள் மருந்துகளை உட்கொள்வதைத் தவிர்க்காதீர்கள்' என்று எழுதியிருந்தேன். 'உடம்பு நன்றாக இருந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று மாற்றினேன். மூன்று வரி இரண்டானது, பாட்டிக்கும் புரியும். இப்படியே எட்டு வரி குறைந்தது. இரண்டு வரித் தலைப்புகள் இரண்டை ஒரு வரியாக்கினேன், இரண்டு மிச்சம். கடைசி இரண்டு வரிக்காக அதே எழுத்துருவின் SemiCondensed வகைக்கு மாறினேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பத்தி குறுகலாக இருந்தால் இரு பக்கமும் சமமாக்காதீர்கள், சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். நீளமான சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் நம் பத்திரிகைகள் செய்கிற மாதிரி இணைப்புக்கோடு இல்லாமலே உடைக்கலாம். ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. 'மருத்' என்று நிறுத்தி 'துவமனை' என்று தொடங்கலாம். 'மரு' என்று நிறுத்தி 'த்துவமனை' என்று தொடங்கினால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

இதற்கெல்லாம் மூன்று நாள் ஆனது. ஏதோ ஒரு தளத்தில் இழுத்துப் போட்டால் பத்து நிமிஷ வேலை, இதற்குப் போய் இவ்வளவா என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஒரு பக்க அறிவிப்புக்கு அதுவே போதும், நான் மறுக்கவில்லை. இரண்டாயிரம் படி அச்சுக்குப் போகிற தாளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த இரண்டாயிரம் படிக்கு நடந்ததையும் சொல்கிறேன். எல்லாம் சரிபார்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வாரக் கடைசியில் கோயில் அன்னதானத்தில் கொடுத்தார்கள். ஓர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "ஐயா, இது எந்த ஊர்த் தமிழ்?" வாங்கிப் பார்த்தேன். பின் பலகை முழுவதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கொழுப்பு என்ற சொல்லில் ககரம் முதலில் நிற்க, கொம்பும் காலும் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற ஐந்து பலகைகள் சுத்தம்.

அச்சகத்துக்கு ஓடினேன். "அண்ணே, நான் ஒன்னும் பண்ணலியே, போன் நம்பர் மட்டும்தான் மாத்துனேன்" என்றான் அங்கிருந்த தம்பி. சங்கத்திலிருந்து கடைசி நேரத்தில் எண்ணை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என் பிடிஎஃப்பை அவனுடைய வரைகலை மென்பொருளில் திறந்திருக்கிறான். திறந்த மாத்திரத்தில் அந்தப் பலகையின் எழுத்தெல்லாம் மறுபடி கோக்கப்பட்டிருக்கிறது, தமிழ் தெரியாத முறையில். அவன் மேலும் முழுத் தப்பில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண் சரியாக இருந்தது, அவ்வளவுதான் பார்த்தான்.

அன்றிலிருந்து அச்சுக்கு எழுத்தாக அனுப்புவதே இல்லை, கோட்டுருவமாக மாற்றித்தான் அனுப்புகிறேன்.

```
gs -o print.pdf -sDEVICE=pdfwrite -dNoOutputFonts tamil.pdf
pdffonts print.pdf
```

இரண்டாவது கட்டளை கோஸ்ட்ஸ்கிரிப்டில் வராது, பாப்லர் என்ற இலவசத் தொகுப்பில் வருவது. அதன் பட்டியல் காலியாக வந்தால் உள்ளே எழுத்துரு எதுவும் இல்லை என்று அர்த்தம். இனி யார் எதில் திறந்தாலும் கொம்பு நகராது. யாரும் எண்ணை மாற்றவும் முடியாது, உங்களைத்தான் கூப்பிட வேண்டும், அது எனக்கு நல்லதாகவே படுகிறது. இணையத்தில் போடுவதற்கு மட்டும் கோட்டுருவம் வேண்டாம்; தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் வாசிக்காது. அதற்கு `tamil.pdf` இருக்கட்டும்.

கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இங்கே நாலு மொழியில் வருகிற அறிவிப்புகளைப் பாருங்கள். தமிழ் கடைசியில் இருக்கும், மற்ற மூன்றும் விட்டுவைத்த இடத்தில். பொடி எழுத்தில், கொம்பு உடைந்து. கேட்டால் "ஃபோன்ட் ப்ராப்ளம்" என்பார்கள். மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இத்தனை காசு என்று எண்ணித் தருகிறவர்கள், அதைத் தாளில் ஒழுங்காக உட்கார வைக்கும் வேலைக்கு ஒரு வெள்ளி ஒதுக்குவதில்லை. "ஒட்டுறதுதானே அண்ணே?" சரி, விடுங்கள்.

உங்கள் ஆங்கிலக் கோப்பிலும் `pdffonts` ஓட்டிப் பார்த்து, பட்டியலில் என்ன வருகிறது என்று கருத்தில் போடுங்கள். காலியாக வந்தால் முதல் கட்டளை உங்களுக்கு உதவாது. மூடி மறைக்கிற வழியைத்தான் பார்க்க வேண்டும்.