ஓட்டாதவர் எப்படிப் பொறுப்பாவார்?

“என் பைக்கை 2022-ல் புரோக்கர் மூலம் விற்றேன். ஆர்.சி. புக்கில் பெயர் மாறவில்லை. வாங்கியவர் ஒருவரை இடித்துவிட்டார். அவருடைய அஜாக்கிரதைக்கு நானும் பொறுப்பு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டாத நான் என்ன தப்பு செய்தேன்?”

விபத்தில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் பொறுப்புதான். வீட்டில் “நீதான் பொறுப்பு” என்றால் “உன்னால்தான் கெட்டது” என்று அர்த்தம். நோட்டீஸில் அந்தச் சொல் பணத்தைப் பற்றியது: அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார்? இதை ஒரு வரியில் விளக்காமல் நோட்டீஸ் அனுப்பி, மக்களை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்கிறார்கள்.

அஜாக்கிரதை என்பது ஓட்டியவர் மேல் உள்ள புகார். அவர் திமிராக ஓட்டினாரா என்பதல்ல கேள்வி. அந்தச் சாலையில், அந்த நேரத்தில், நிதானமுள்ள சாதாரண ஆள் காட்டியிருக்கும் கவனத்தை அவர் காட்டினாரா என்றே பார்ப்பார்கள். ‘நியாயமான கவனம்’ என்று மனுவில் இருந்தால் அதுவும் இந்த அளவுகோல்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் யார் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர். பல கை மாறிய ஒரு வண்டி விஷயத்தில் 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது அல்லவா?

இங்கேதான் புரோக்கர்கள் ஏமாற்றுகிறார்கள். படிவம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு “நான் பார்த்துக்கறேன் சார்” என்பார்கள். அந்தக் காகிதம் மேசை டிராயரில் கிடக்கும், வண்டி ஊர் சுற்றும். தயவுசெய்து யாரும் இதை நம்பாதீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. 2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் ஒப்படைத்து, அதைப் படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்று இல்லாத புரோக்கருக்கு இது பொருந்தாது. போர்டு மாட்டியிருந்தாலும் பொருந்தாது. நீங்கள் விற்றது அதற்கு முன்பு என்பதால் உங்களுக்கும் உதவாது.

இப்போது நீங்கள் தேட வேண்டியது விபத்து நாளில் உயிரோடு இருந்த இன்சூரன்ஸ் பாலிசி. வண்டி விற்கப்பட்டாலும், அடிபட்டவருக்கான காப்பீடு வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். 6 லட்சம் இழப்பீடு என்று வைத்துக்கொள்வோம். பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம். பாலிசியே இல்லையென்றால், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று உத்தரவில் வரும். ஆளுக்குப் பாதி என்று அதற்குப் பொருளில்லை. முழு 6 லட்சத்தையும் உங்களிடமே கேட்கலாம்.

எனவே குறித்த தேதியில் வக்கீலோடு தீர்ப்பாயத்தில் ஆஜராகி எதிருரை போடுங்கள். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே உத்தரவு போட்டுவிடுவார்கள். விற்பனைக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அடிபட்டவருக்கு எதிராக அது நிற்காது, வாங்கியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க உதவும். அவரிடம் இன்றே போன் செய்து பாலிசி நம்பரை வாங்குங்கள்.